முதல் கார்டுக்கு மாலை, நாலாவது கார்டுக்குப் பாடை

"டேட்டா சொல்லுது சார்." இந்த மூணு வார்த்தையைக் கேட்டா எனக்கு இப்பல்லாம் பயமா இருக்கு. டேட்டா எதையும் சொல்றதில்லைங்க. அதை ஒருத்தர் சொல்ல வைக்கிறார். இருபது வருஷமா பேங்க்ல கணக்கோட குடித்தனம் நடத்துற பி.காம். ஆசாமி நான். ஒரு எண்ணை யாராவது நீட்டினா, "சரி, இதுக்குக் கீழே என்ன எண்?"னு கேக்கறது கையோட வந்த வியாதி. வாராக்கடன் பத்து கோடின்னா ஒண்ணும் புரியாது. நூறு கோடி கடன்ல பத்தா, ஆயிரம் கோடியில பத்தாங்கறதுலதான் விஷயமே இருக்கு.

இந்தப் பதிவு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்ல பக்கவாட்டில தள்ளித் தள்ளிப் பாக்கற விளம்பரத்தைப் பத்தி. கரோசல்னு பேரு. ஒரே விளம்பரத்துல ரெண்டுல இருந்து பத்து படம் வரை வைக்கலாம், ஒவ்வொரு படத்துக்கும் தனி விலாசம். ஒவ்வொண்ணுக்கும் கார்டுன்னு பேர் (ஏடிஎம் கார்டு இல்லை மக்களே). ஊர்ல இருந்து நமக்குப் பலகாரம், புடவை, பூஜை சாமான் விக்கிறவங்க பெரும்பாலும் இதைத்தான் போடறாங்க. வெளிநாட்டுல இருக்கற நம்ம குடும்பங்கள்தான் குறி. ராத்திரி பாத்திரம் கழுவிட்டு உக்காந்து போனைத் தேய்ச்சா, மஸ்கட்ல எனக்கும் வருது, சிங்கப்பூர்ல என் மச்சினிக்கும் வருது.

எங்க சித்தப்பா பையனுக்குத் திருப்பதியில கடை. நாங்க சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், பாதிப் பேர் பேச்சு தமிழ், பாதி தெலுங்கு. அவன் விக்கற சாமான் எல்லாம் அந்த மண்ணோடது. சித்தூர் தோதாபுரி மாம்பழக் கூழ் டின், அதைக் காயவச்சுச் செய்யற மாம்பழத் தாண்ட்ரா, வெங்கடகிரிப் புடவை, மாதவமாலா மரப்பொம்மை, காளஹஸ்தி கலம்காரி. இந்த அஞ்சையும் அஞ்சு கார்டா வச்சு விளம்பரம் ஓடுச்சு. விளம்பரத்தைப் பாத்துக்கற ஏஜென்சி (பேர் வேண்டாம்) மாசக் கடைசியில ஒரு அறிக்கை அனுப்புச்சு. தாண்ட்ரா அமோகம், கலம்காரியும் பொம்மையும் தேறாது, அடுத்த மாசத்துல இருந்து எடுத்துடலாம். தம்பி அன்னிக்கே காளஹஸ்திக்குப் போன் போட்டு, பண்டிகைக்குன்னு பேசி வச்சிருந்த கலம்காரி ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டான்.

எனக்குக் கோவம் வந்தது இங்கதான். கலம்காரி எப்படி வருதுன்னு தெரிஞ்சா உங்களுக்கும் வரும். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில ஊறவைக்கணும். கறுப்பு மைக்குத் துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் நாள் கணக்கா புளிக்க விடணும். மூங்கில் குச்சியில கம்பளி சுத்தின கலம்தான் பேனா. கோடு போட்டு, படிகாரம் பூசி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலசல், ஒரு வெயில். ஓடற தண்ணியில அலசணும், காளஹஸ்தியில அது சுவர்ணமுகி ஆறு. ஒரு பெரிய துணி முடிய வாரக்கணக்குல ஆகும். மழை பிடிச்சிடுச்சுன்னா வேலை நின்னுடும். ஆக, ஐப்பசியில விக்கணும்னா ஆடியிலயே சொல்லியிருக்கணும். இப்பேர்ப்பட்ட சாமானை நிறுத்தறதுக்குக் காரணம் ஒரு எக்செல் ஷீட்ல நாலாவது வரியில இருந்த ஒரு சின்ன எண். தாண்ட்ராவை நிறுத்தினா நாளைக்கே திரும்ப வாங்கிக்கலாம். கலம்காரியை நிறுத்தினா ஒரு சீசன் போச்சு, அந்தக் குடும்பத்துக்கு ஒரு சீசன் கூலி போச்சு.

சரி, அந்த எண் என்ன எண்? அறிக்கையில கார்டு வாரியா கிளிக் வருது. எத்தனை பேர் தொட்டாங்கன்னு. ஆனா கார்டு வாரியா எத்தனை பேர் பாத்தாங்கங்கற எண் அந்தப் பிரிப்புல வரவே வராது. விளம்பரம் திரையில வந்தா ஒரு காட்சின்னு கணக்கு. அது முழு விளம்பரத்துக்கான கணக்கு. முதல் கார்டை மட்டும் பாத்துட்டு மேலே போனவரும் ஒரு காட்சி, அஞ்சையும் தள்ளிப் பாத்தவரும் ஒரு காட்சி. நாலாவது கார்டு எத்தனை கண்ணுல பட்டதுன்னு அறிக்கைக்கே சொல்ல வழியில்லை. கீழ்எண் இல்லாத பின்னத்தை வச்சு ஏஜென்சித் தம்பி கலம்காரிக்கு இறப்புச் சான்றிதழ் எழுதிட்டார்.

பேங்க்ல வாசலுக்கு நேரா இருக்கற கவுன்ட்டர்ல எப்பவும் கூட்டம். தூணுக்குப் பின்னாடி இருக்கற ஆறாம் நம்பர்ல ஈ ஓட்டுவாங்க. அதுக்காக ஆறாம் நம்பர் காசாளருக்கு வேலை தெரியாதுன்னு மெமோ குடுப்பீங்களா? தூண் எங்க இருக்குன்னு பாக்க வேண்டாமா? 1996-ல மொடக்குறிச்சித் தொகுதியில 1,033 பேர் தேர்தல்ல நின்னாங்க, வாக்குச்சீட்டைப் புத்தகமா தைக்க வேண்டி வந்தது. அதுல எழுநூறாவது பேரா இருந்த ஒருத்தருக்கு ஓட்டு விழலைங்கறதை வச்சு அவரோட யோக்கியதையைப் பத்தி என்ன தெரிஞ்சுக்க முடியும்?

இடம் எவ்வளவு பேசும்ங்கறதுக்கு வெளியில ஆதாரம் இருக்கு. அமெரிக்காவுல நோட்டர் டேம் பல்கலைக்கழகம், அதோட முகப்புப் பக்கத்துல அஞ்சு செய்தி தள்ளிப் பாக்கற மாதிரி வச்சிருந்தது. அங்க வேலை பாத்த எரிக் ரன்யன் 2013-ல அந்தக் கணக்கை வெளியிட்டார். வந்தவங்கள்ல சுமார் ஒரு சதவீதம் பேர்தான் எதையாவது தொட்டாங்க. மொத்தம் 28,928 கிளிக், அதுல 84 சதவீதம் முதல் இடத்துக்கு. மத்த நாலு இடமும் ஆளுக்கு 4 சதவீதம் மாதிரிப் பிரிச்சுக்கிச்சு. அது இணையப் பக்கம், விளம்பரம் இல்லை. போன்ல விரலால தள்ளறது சுலபம்ங்கறதால அதே சதவீதத்தை நம்ம விளம்பரத்துக்கு ஒட்டவைக்கக் கூடாது. ஆனா திசை அதுதான்.

"முதல்ல நல்ல செய்தியைத்தான் வச்சிருப்பாங்க, அதான் கிளிக்"னு சிலர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் கார்னெல்ல தார்ஸ்டன் ஜோகிம்ஸ் குழு 2005-ல வெளியிட்ட ஆய்வுல இருக்கு. கூகுள் தேடல் முடிவுகள்ல முதல் ரெண்டையும் இடம் மாத்திக் காட்டினாங்க. பாக்கறவங்களுக்கு அது தெரியாது. அப்பவும் மேல இருந்ததுக்குத்தான் கூடக் கிளிக், அது ரெண்டாவது தர முடிவா இருந்தும். ஆக, சரக்கையும் இடத்தையும் பிரிச்சுப் பாக்கணும்னா ஒரே வழிதான். இடத்தை மாத்திப் பாக்கணும்.

இதுல இன்னொரு வேலையும் நடக்குது. கரோசல் போடும்போது, நல்லா ஓடற கார்டை முதல்ல காட்டுன்னு ஃபேஸ்புக்குக்கே விட்டுடற ஒரு தேர்வு இருக்கு. நிரல் வழியா போடறவங்களுக்கு அது `multi_share_optimized`. நாமா அணைக்கலைன்னா அது போட்டபடியே இருக்கும். அது என்ன செய்யும்? ஆரம்பத்துல நாலு கிளிக் கூட வாங்கின கார்டு முன்னாடி வரும். முன்னாடி வந்ததால இன்னும் கிளிக் வாங்கும். வாங்கினதால முன்னாடியே நிக்கும். வட்டிக்கு வட்டி போடற கணக்கு. விக்கணும்னா இது தப்பில்லை. கடைக்காரன் கண்ணாடி அலமாரியில எது போகுதோ அதை முன்னாடி வைக்கிறது உலக வழக்கம். ஆனா அதே ஓட்டத்தோட அறிக்கையை எடுத்து வச்சுக்கிட்டு "எது நல்ல சரக்கு"ன்னு தீர்ப்பு எழுதறது, தானே திருத்தின பரீட்சைக்குத் தானே மார்க் போட்டுக்கற மாதிரி.

இப்ப கணக்குக்கு வருவோம். கடை எண்களைப் பொதுவுல போட முடியாது. கீழே வர்றது முழுக்க நான் விளக்கத்துக்காகக் கட்டின எண்கள்.

ஒரு விளம்பரம் 20,000 தடவை காட்டப்படுதுன்னு வைங்க. கார்டு வரிசை இது: தாண்ட்ரா, புடவை, கூழ், கலம்காரி, பொம்மை. கிளிக்குகள் 410, 140, 55, 52, 16. இதைப் பாக்கறவர் என்ன சொல்வார்? கலம்காரியை விடத் தாண்ட்ரா எட்டு மடங்கு கெட்டிக்காரன். கூழும் கலம்காரியும் ஒண்ணு, கூழ் ஒரு நூல் மேல. பொம்மை காலி.

இனி அதே அஞ்சு சாமானை வச்சு அஞ்சு விளம்பரம் பண்ணுங்க. ரெண்டாவது விளம்பரத்துல புடவை முதல்ல வரும், தாண்ட்ரா கடைசிக்குப் போகும். மூணாவதுல கூழ் முதல்ல. இப்படியே சுத்தி வந்தா ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு நாற்காலியிலயும் ஒரு தடவை உக்காந்துடும். தானா முன்னாடி தள்ளற அந்தத் தேர்வைக் கட்டாயம் அணைச்சிடணும். அஞ்சும் ஒவ்வொண்ணும் 20,000 தடவை காட்டினப்புறம், அஞ்சு வரி, அஞ்சு பத்தி உள்ள ஒரு பட்டியல் கிடைக்கும். வரி சாமானுக்கு, பத்தி நாற்காலிக்கு. காமர்ஸ் படிச்சவங்களுக்கு இது பழகின சமாசாரம், ரெண்டு பக்கமும் கூட்டணும்.

பத்தி வாரியா கூட்டினா முதல் நாற்காலிக்கு 1,500, ரெண்டாவதுக்கு 550, மூணாவதுக்கு 320, நாலாவதுக்கு 230, அஞ்சாவதுக்கு 200. எல்லா சாமானும் எல்லா நாற்காலியிலும் உக்காந்தாச்சு, அதனால இது சுத்தமா இடத்தோட பலம். வரி வாரியா கூட்டினா தாண்ட்ரா 760, புடவை 700, கலம்காரி 640, கூழ் 480, பொம்மை 220. இது சாமானோட பலம். ரெண்டு பக்கமும் மொத்தம் 2,800, கணக்கு டேலி.

இப்ப பாருங்க. எட்டு மடங்குன்னு சொன்ன வித்தியாசம் 760-க்கு 640-ஆ சுருங்கிப் போச்சு, ஒண்ணேகால் மடங்கு கூட இல்லை. கூழும் கலம்காரியும் ஒண்ணுன்னு தெரிஞ்சதுல, கலம்காரி மூணுல ஒரு பங்கு மேல நிக்குது. அது நாலாவது நாற்காலியில உக்காந்ததால அறிக்கையில தெரியலை, அவ்வளவுதான்.

பொம்மை? அதை முதல் நாற்காலியில உக்கார வச்ச விளம்பரத்துலயும் அதுக்கு 118 தான் வந்ததுன்னு வைங்க, மத்ததெல்லாம் அதே நாற்காலியில 250-க்கு மேல வாங்கும்போது. அப்ப பொம்மையை மறைச்சது இடம் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, இன்னொரு கட்சி இருக்கு. "முதல் கார்டுதான் எல்லாத்தையும் முழுங்குது, பின்னாடி இருக்கறதெல்லாம் பாவம், தியாகிகள்"னு. தம்பியோட மாமனார் அந்தக் கட்சி. அவருக்கும் பதில் இந்தப் பட்டியல்லதான் இருக்கு. நாற்காலி மாத்தியும் எழுந்திருக்காத சரக்கு, எழுந்திருக்காத சரக்குதான். எங்க கடையில நிஜமாவே சுத்தி விட்டுப் பாத்தப்போ மரப்பொம்மை எந்த இடத்துலயும் தேறலை. மாதவமாலாக்காரங்க வேலையில குறை சொல்ல எனக்கு மனசே இல்லை, ஆனா மஸ்கட் ஃப்ளாட்ல அதை வைக்க இடமில்லைன்னு வாங்கறவங்களுக்குத் தெரியுது போல.

கேக்க சுலபமா இருக்கு, செய்யும்போது நாலு இடத்துல கால் வழுக்கும்.

பெரிய வழுக்கல், அஞ்சு விளம்பரத்தையும் ஒரே குழுவுல, ஒரே பட்ஜெட்ல போடறது. ரெண்டாம் நாளே ஃபேஸ்புக் எது ஓடுதுன்னு பாத்து, பணத்துல பெரும்பகுதியை அதுக்கே தள்ளிடும். ஒண்ணு 70,000 தடவை காட்டப்பட்டு, மத்தது ரெண்டாயிரத்துல நிக்கும். கார்டு அளவுல இருந்த அதே நோய் விளம்பர அளவுக்கு ஏறிடுச்சு, அவ்வளவுதான். அதனால பாக்கறவங்களைச் சமமா பிரிச்சுக் குடுக்கற A/B சோதனை வசதியில போடணும், பட்ஜெட்டும் சமமா இருக்கணும். அப்பவும் காட்சி எண்ணிக்கை கொஞ்சம் முன்னப்பின்ன வரும். அதனால கிளிக்கை அப்படியே கூட்டாம, ஆயிரம் காட்சிக்கு எத்தனைன்னு மாத்திட்டுக் கூட்டுங்க.

"வாரத்துக்கு ஒண்ணா ஓட்டிடலாம் அண்ணா, எதுக்கு இந்த வம்பு?"ன்னு தம்பி கேட்டான். வேண்டாம்டான்னேன். வளைகுடாவுல மாசக் கடைசியில சம்பளம் வந்த வாரமும் இருபதாம் தேதி வாரமும் ஒண்ணா? புரட்டாசி சனிக்கிழமை வர்ற வாரமும் சாதா வாரமும் ஒண்ணா? முதல் வாரம் முன்னாடி உக்காந்த சாமானுக்கு சம்பளத் தேதியோட பலமும் சேந்துடும். அஞ்சும் ஒரே நேரத்துல ஓடணும்.

அடுத்தது விலாசம். கரோசல்ல ஒவ்வொரு கார்டுக்கும் தனி விலாசம் குடுக்கலாம்னு சொன்னேன் இல்லையா, அதுல எந்த விளம்பரம், எந்த இடம், எந்த சாமான்னு எழுதி வச்சுடுங்க. கடைப் பக்கத்துக்கு வந்தவர் எந்த நாற்காலியில இருந்து எழுந்து வந்தார்னு உங்க கையிலயே பதிவு இருக்கும்.

```
?utm_source=ig&utm_content=ad4_pos1_kalamkari
```

இங்கயும் அந்த பழைய எச்சரிக்கைதான். தானா வரிசை மாத்தற தேர்வு போட்டிருந்தா, `pos1`னு எழுதின கார்டு நிஜத்துல மூணாவதா காட்டப்பட்டிருக்கும். விலாசம் பொய் சொல்லும், நீங்க அதை நம்பிக் கூட்டிக்கிட்டு இருப்பீங்க. ஒரு ஏஜென்சி அறிக்கை கையில வந்தா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்தத் தேர்வு போட்டிருந்ததா, அணைச்சிருந்ததா? தெரியாதுன்னு பதில் வந்தா அறிக்கையை மடிச்சு வச்சிடலாம்.

நாலாவது, சின்ன எண்களைப் பெரிசா படிக்கிறது. ஒரு கைக்கணக்கு சொல்றேன். கிளிக் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தை எடுத்து ரெண்டால பெருக்குங்க. அவ்வளவு மேலயும் கீழயும் அது சும்மாவே ஆடும். 52-க்கு வர்க்கமூலம் சுமார் ஏழு, ரெண்டால பெருக்கினா பதினாலு. அதாவது 38-ல இருந்து 66 வரை எதுவும் வந்திருக்கலாம். 55-க்கும் 52-க்கும் நடுவுல வித்தியாசமே இல்லை. ஏஜென்சி அறிக்கையில இந்த மூணு கிளிக்குக்குச் சிவப்பு அம்பு, பச்சை அம்பு எல்லாம் போட்டிருந்தாங்க! கிளிக்குலயே இப்படின்னா, ஆர்டர் எண்ணிக்கை இன்னும் மோசம். மாசத்துக்கு ரெண்டு கலம்காரி, அஞ்சு புடவைன்னு வித்தா, அதை வச்சு எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது. ஒரு வருஷ ஆர்டர் புத்தகத்தைச் சேத்துப் பாருங்க.

இந்த சோதனைக்குச் செலவு இருக்கு, அதையும் சொல்லிடறேன். என் எண்கள்ல பாத்தா தாண்ட்ரா முதல்ல இருக்கற விளம்பரம் 673 கிளிக் கொண்டுவருது. பொம்மை முதல்ல இருக்கறது சுமார் 430 தான் கொண்டுவரும். அந்த 240 சொச்சம் கிளிக் நாம வேணும்னே விட்டுக்குடுக்கறது. ஏஜென்சிக்காரங்க இதைச் செய்யத் தயங்கறதுக்கு இதுதான் காரணம், அவங்களுக்கு மாசக் கடைசி எண் கீழே போகும். கடைக்காரனுக்கு அப்படியில்லை. கடன் குடுக்கறதுக்கு முன்னாடி சொத்து மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் குடுக்கறோம் இல்லையா, அந்த மாதிரிச் செலவு. வருஷத்துக்கு ஒரு தடவை, சரக்கு ஆர்டர் போடறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி செஞ்சா போதும்.

கலம்காரி விஷயத்துல இன்னொண்ணு கண்டோம். கார்டு ஒரு சதுரப் படம். ஆறு கஜப் புடவையோ, சுவர்ல மாட்டற ராமாயணத் துணியோ முழுசா அந்தச் சதுரத்துல அடைச்சா, போன்ல ஒரு பழுப்புக் கறைதான் தெரியும். கலம்காரியோட உசிர் அந்தப் பேனாக் கோட்டுல இருக்கு, அது சுருங்கிப் போயிடுது. தாண்ட்ராவுக்கு இந்தத் தொந்தரவு இல்லை, மஞ்சளா பளபளன்னு ஒரு துண்டு போதும். அனுமார் முகம் மட்டும் நெருக்கமா எடுத்த படத்தை வச்சு மறுபடி சுத்தி விட்டோம், எல்லா நாற்காலியிலயும் ஏறிச்சு. துணி அதேதான். ஆக கார்டு மட்டமா இருந்ததை எல்லாரும் துணி மட்டம்னு படிச்சிட்டாங்க.

முதல் கார்டைத் தொட்டவர் எல்லாம் அந்தச் சாமானைத்தான் தேடி வந்தார்ங்கறதும் கிடையாது. நிறையப் பேருக்கு முதல் கார்டு கடையோட கதவு. "திருப்பதிக் கடையா, என்ன வச்சிருக்கான் பாப்போம்"னு தொடறாங்க. என் மச்சினி தாண்ட்ரா படத்தைத் தொட்டு உள்ள போய் வெங்கடகிரிப் புடவை வாங்கினா. விளம்பர அறிக்கையில அந்த வியாபாரத்தைக் கொண்டுவந்த பெருமை தாண்ட்ராவுக்கு. கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேனுக்கு மாசச் சம்பளத்தோட விற்பனைக் கமிஷனும் குடுத்த கதை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். கடையோட பில்லையும் அந்த விலாசத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எதைத் தொட்டார், எதை வாங்கினார்னு பாத்தா தெரிஞ்சிடும்.

இதுவரைக்கும் சொன்னது நாமே கார்டு அடுக்கற விளம்பரம். கேட்டலாக் விளம்பரம் இன்னும் சிக்கல். கடையில இருக்கற இருநூறு சாமானையும் பட்டியலா ஏத்திட்டா, யாருக்கு எதை எந்த வரிசையில காட்டறதுன்னு ஃபேஸ்புக்கே ஆளுக்கு ஆள் முடிவு பண்ணும். 2015-ல டைனமிக் விளம்பரம்னு வந்தது, இப்ப அட்வான்டேஜ் பிளஸ் கேட்டலாக்னு பேர். இதுல நாற்காலியை நாம மாத்தவே முடியாது. அறிக்கையை சாமான் வாரியா, அதாவது `product_id` வாரியா பிரிக்கலாம். ஆனா அந்த சாமான் எத்தனாவது கார்டா வந்ததுன்னு அது சொல்லாது. இருநூறுல இருபது சாமான் பணத்தை எல்லாம் தின்னுடும், மீதி நூத்தெண்பதுக்கு ஒரு வாய்ப்பும் வராது. அந்த நூத்தெண்பதையும் "பூஜ்ஜியம் விற்பனை"ன்னு ஒரே சிவப்புல போட்டு அனுப்புவாங்க. வகுப்புக்கே கூப்பிடாத பையனுக்கு ஆப்சென்ட் போட்டு ஃபெயில் ஆக்கறது.

இங்க செய்யக்கூடியது ஒண்ணுதான். காட்டப்படாத சாமான்களைத் தனியா பிரிச்சு, அதுக்குன்னு தனி விளம்பரக் குழு, தனி பட்ஜெட். பட்டியல் கோப்புல `custom_label_0`னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நமக்கு வேணும்ங்கற அடையாளத்தை எழுதிக்கலாம். அதை வச்சு ஒரு தொகுதி கட்டலாம். கலம்காரி எல்லாம் ஒரு தொகுதி. அப்ப கலம்காரிக்குப் போட்டி இன்னொரு கலம்காரிதான், தாண்ட்ராவோட மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தொகுதிக்குள்ள மறுபடி ஒண்ணு முன்னாடி போய் உக்காரும், அது தப்பாது. ஆனா மொத்தக் கலம்காரிக்கும் ஒரு கீழ்எண் கிடைக்குது: எவ்வளவு பணம் போட்டோம், எத்தனை பேர் கண்ணுல பட்டது, எத்தனை வித்தது. அதுக்கப்புறம் நஷ்டம்னா நஷ்டம்னு ஒத்துக்கலாம்.

ஏஜென்சித் தம்பிகிட்ட இதை எல்லாம் போன்ல சொன்னேன். பொறுமையா கேட்டார், மரியாதையான பையன். "கரெக்ட் சார், ஆனா எல்லா க்ளையன்ட்டுக்கும் இதே ரிப்போர்ட் ஃபார்மட்தான் சார்"ன்னார். அந்த ஃபார்மட்ல கார்டு பேர், கிளிக், அம்பு, மூணே பத்திதான். நாலாவதா ஒரு பத்தி போட்டு, கார்டு எந்த இடத்துல இருந்தது, வரிசை நாம வச்சதா தானா மாறினதான்னு எழுதித் தரச் சொன்னேன். ரெண்டு மாசமா அந்தப் பத்திக்குத் தலைப்பு வந்திருக்கு, உள்ள எதுவும் வரலை.

கலம்காரிக்குத் தனித் தொகுதி போட்டாச்சு. பட்ஜெட் சின்னதுதான், நாள் கணக்குல பாத்தா இங்க ஒரு காபி விலை. காளஹஸ்திக்குத் தம்பி மறுபடி போன் போட்டான். அதுக்குள்ள அவங்க துணியை வேற கடைக்காரருக்கு ஒத்துக்கிட்டாங்க, பாதி அளவுதான் குடுக்க முடியும்னுட்டாங்க. மீதி அடுத்த வருஷ வெயிலுக்குத்தான்.